எழுத்தில் வந்தது கிண்டலா, நிஜமா? முடிவு செய்யும்போது செய்கிற தவறுகள்

ஆம்பூர் பக்கம் ஷூ அப்பர் தைக்கும் ஒரு யூனிட் என்று வைத்துக்கொள்வோம். செவ்வாய்க்கிழமை காலை லைன் சூப்பர்வைசர் வாட்ஸ்அப் குரூப்பில் முந்தைய நாள் கணக்கைப் போடுகிறார்: டார்கெட் 450 ஜோடி, முடிந்தது 410. கொஞ்ச நேரத்தில் புரொடக்‌ஷன் மேனேஜரிடமிருந்து பதில் வருகிறது: "ரொம்ப நல்லது சார். இப்படியே போனா வெள்ளிக்கிழமை கண்டெய்னர் கிளம்பிடும் 🙂"

நாற்பது ஜோடி குறைந்திருக்கிறது. மேலதிகாரி தன்னைப் போய் 'சார்' என்கிறார். கூடவே ஒரு சிரிப்பு. சூப்பர்வைசருக்குச் சுருக்கென்று தைக்கிறது. "ரெண்டு மெஷின் ரிப்பேர்னு நான் சொன்னப்ப யாரும் கண்டுக்கல" என்று பதில் அடிக்க ஆரம்பிக்கிறார்.

முதல் தவறு இங்கேதான் நடக்கிறது: மனசுக்குள் கேட்ட குரலை அனுப்பியவரின் குரல் என்று நம்புவது. படிக்கும்போது கேட்பது நம் சொந்தக் குரல். ராத்திரி வரை மெஷினோடு மல்லுக்கட்டிய எரிச்சல் இருந்தால் அதுவும் அந்தக் குரலில் ஏறிக்கொள்ளும். அனுப்புகிறவருக்கும் இதே சிக்கல் உண்டு. தன் காதில் தொனி தெளிவாகக் கேட்பதால், எதிராளிக்கும் கேட்கும் என்று நினைத்துவிடுகிறார். ஜஸ்டின் குரூகர், நிக்கோலஸ் எப்லி முதலான உளவியலாளர்கள் 2005இல் வெளியிட்ட ஆய்வில் இதைச் சோதித்தார்கள். சில வாக்கியங்களை நிஜமாகவும் சிலவற்றைக் கிண்டலாகவும் சொல்லச் சொன்னார்கள். ஒரு பிரிவினர் குரலில், இன்னொரு பிரிவினர் மின்னஞ்சலில். எந்த வழியில் சொன்னாலும் நூற்றுக்கு 78 சரியாகப் புரியும் என்று அந்த வாக்கியங்களைச் சொன்னவர்கள் எதிர்பார்த்தார்கள். குரலில் அது கிட்டத்தட்டப் பலித்தது. மின்னஞ்சலில் 56தான் தேறியது. காசைச் சுண்டிப் பார்த்தாலே 50 வரும். மின்னஞ்சலைப் படித்தவர்களோ, தாங்கள் சரியாகத்தான் புரிந்துகொண்டோம் என்று உறுதியாக நம்பினார்கள்.

அதனால் சந்தேகம் வந்தவுடன் செய்ய வேண்டியது, அந்த வரியை வாய்விட்டு மூன்று விதமாகப் படிப்பது: மனசார பாராட்டுகிற மாதிரி ஒரு தடவை, செல்லமாகச் சீண்டுகிற மாதிரி ஒரு தடவை, குத்திக்காட்டுகிற மாதிரி ஒரு தடவை. மூன்றும் பொருந்தினால் அந்த வரியை மட்டும் வைத்து எதுவும் முடிவு செய்ய முடியாது என்று அர்த்தம். திரும்பத் திரும்பப் படித்துப் பயனில்லை. படிக்கப் படிக்க முதலில் தோன்றிய குரல்தான் இன்னும் சத்தமாகும்.

அடுத்த தவறு, சொன்ன விஷயத்தைச் சரிபார்க்காமல் சொன்ன விதத்தையே பிடித்துக்கொண்டிருப்பது. குத்தலுக்கு ஓர் அடிப்படை வேண்டும். வெளிப்படையாகச் சொன்னது உண்மையில்லை என்பது இரண்டு பேருக்கும் தெரிந்திருக்க வேண்டும். கொட்டும் மழையில் "நல்ல வெயில்" என்றால் கிண்டல் என்று புரிவது அதனால்தான். மேனேஜரின் வரியை அப்படிச் சோதித்துப் பார்க்கலாம். ஆர்டரில் பாக்கி 1600 ஜோடி. செவ்வாய் முதல் வெள்ளி வரை நான்கு நாள். நாளைக்கு 410 என்றால் 1640. கணக்கு சரியாக வருகிறது, கண்டெய்னர் கிளம்பிவிடும்! போன வாரம் ஒரு நாளைக்கு 360தான் போயிருக்கிறது என்றால் 410 நிஜமாகவே நல்ல செய்தி. இங்கே சொன்னதை அப்படியே எடுத்துக்கொள்வதுதான் நியாயம்.

பாக்கி 2200 ஜோடி என்றால் கதை வேறு. 1640ஐ வைத்துக்கொண்டு வெள்ளிக்கிழமை கண்டெய்னரை அனுப்ப முடியாது. இப்போது குத்தலாக இருக்க வாய்ப்பு அதிகம். ஆனால் அப்போதும் ஒன்றைக் கவனிக்க வேண்டும்: பாக்கிக் கணக்கு அவருக்குத் தெரியுமா? பழைய கணக்கை நினைவில் வைத்துக்கொண்டு வெள்ளந்தியாகவும் எழுதியிருக்கலாம்.

அப்புறம் அந்த 'சார்'. வழக்கமாக 'நீ, வா, போ' என்று பேசுகிறவர் திடீரென்று 'சார்', 'வாங்க கலெக்டரே', 'துரை' என்று ஏறினால் அதில் ஏதோ இருக்கிறது. மரியாதை திடீரென்று கூடுவது தமிழில் எழுத்திலும் தெரிகிற அடையாளம். ஆனால் அவரவர் வழக்கத்தோடு ஒப்பிட்டால்தான் அது அடையாளம். குரூப்பில் மேலே தள்ளி அவருடைய பழைய மெசேஜ்களைப் பாருங்கள். ஹெல்ப்பர் வரைக்கும் எல்லாரையும் 'சார்' என்றே கூப்பிடுகிறவர் என்றால் அதற்குத் தனி அர்த்தம் கிடையாது. சிரிப்பு இமோஜியும் அப்படித்தான். வயதில் பெரியவர்கள் பலர் 🙂 போடுவது நிஜமான சிரிப்பாக. இளசுகள் பலருக்கு அதே பொம்மை நக்கலாகத் தெரிகிறது.

நம் பக்கத்தில் இதோடு வட்டார வழக்கும் சேர்ந்துகொள்கிறது. வேலூர், ஆற்காடு, குடியாத்தம் வட்டாரத்தில் "இன்னாபா, ரிப்போர்ட் இன்னும் வரல?" என்பது சாதாரண விசாரிப்பு. இந்தப் பேச்சை சினிமாவில் ரவுடி வாயில் மட்டுமே கேட்டுவிட்டு இங்கே வேலைக்கு வந்த திருநெல்வேலிக்காரருக்கு அது மிரட்டலாகவோ எகத்தாளமாகவோ தெரியும். கோயம்புத்தூர்க்காரர் சின்னப் பையனையும் "சொல்லுங்க, அனுப்பிட்டீங்களா" என்று கேட்டால், இங்கே உள்ள பையன் "என்னடா நம்மள ஓட்டுறாரா" என்று யோசிப்பான். எதிராளியின் ஊர் வழக்கம் தெரியாத வரை வார்த்தையின் கரடுமுரடை வைத்து எண்ணத்தை எடைபோடக் கூடாது.

இத்தனைக்குப் பிறகும் தெரியவில்லை என்றால் என்ன செய்வது? குரூப்பிலேயே "இது கிண்டலா?" என்று கேட்பதுதான் பலரும் செய்வது, அதுதான் மோசமானதும்கூட. நல்ல எண்ணத்தில் எழுதியவருக்கு அது குற்றச்சாட்டாகப் படும். நிஜமாகவே குத்தியவர் "சும்மா சொன்னேன்பா" என்று நழுவிவிடுவார். இரண்டிலும் தெளிவு கிடைக்காது. சொன்ன விஷயத்துக்கு மட்டும் பதில் போடுங்கள்: "சரி சார், இன்னைக்கு அந்த ரெண்டு மெஷினும் ஓடுது, 450 வந்துடும்." அது பாராட்டாக இருந்தாலும் குத்தலாக இருந்தாலும் இந்தப் பதில் பொருந்தும். மனசு ஆறவில்லை என்றால் தனியாக ஒரு போன் செய்து, "நேத்து 410 போதும்னு சொல்றீங்களா, இல்ல 450க்கு ஏத்தணுமா சார்?" என்று கேட்கலாம். தொனியைப் பற்றிக் கேட்காமல் வேலையைப் பற்றிக் கேட்பதால் அவர் தற்காப்புக்குப் போக வேண்டியதில்லை. பதில் சொல்லும் குரலிலேயே பாதி விஷயம் தெரிந்துவிடும்.

ஒரே ஆள் வாரக்கணக்கில் உங்களை மட்டும் இப்படிச் சீண்டிக்கொண்டிருந்தால், ஒவ்வொரு வரியையும் தனித்தனியாக நல்லதாகவே எடுத்துக்கொள்வதும் தவறுதான். அப்போது மெசேஜ்களை வரிசையாக வைத்துக்கொண்டு நேரில் பேச வேண்டும்.

ஒரு வகை மெசேஜுக்கு மட்டும் மேலே சொன்ன நிதானம் எதுவும் பொருந்தாது. "பேசாம செத்துடலாம் போல இருக்கு 😂" என்று ஒருவர் எழுதினால், விளையாட்டு என்று நினைத்து நீங்களும் ஒரு சிரிப்பைப் போட்டு நகர்ந்துவிடாதீர்கள். விளையாட்டை நிஜமாக எடுத்துக்கொண்டால் கொஞ்சம் சங்கடம், அவ்வளவுதான். நிஜத்தை விளையாட்டாக எடுத்துக்கொண்டால் திருத்தவே முடியாது. உடனே போன் செய்து, "சாகணும்னு நிஜமாவே தோணுதா?" என்று நேராகக் கேளுங்கள். அப்படிக் கேட்பது அந்த எண்ணத்தைத் தூண்டிவிடாது. போனை எடுக்கவில்லை என்றால் வீட்டில் இருப்பவர்களுக்கோ பக்கத்தில் இருப்பவர்களுக்கோ சொல்லிப் போய்ப் பார்க்கச் சொல்லுங்கள். 14416 என்ற எண்ணில், டெலிமனஸ் என்ற அரசு மனநல உதவி மையத்தோடு, எந்த நேரத்திலும் தமிழில் பேசலாம், அவரும் பேசலாம், என்ன செய்வதென்று தெரியாமல் நிற்கும் நீங்களும் பேசலாம்.