128 ஜீபி என்று காட்டும் பென் டிரைவ்: கோப்புகளைத் தொலைக்கும் தவறுகள்

கல்முனையில் நடந்த என் தங்கை மகளின் சாமத்திய வீட்டை மருமகன்தான் கமெராவில் படம் பிடித்தார். 22 வீடியோக் கோப்புகள், மொத்தம் ஏறத்தாழ 31 ஜீபி. அன்றிரவே அவற்றைப் புதிதாக வாங்கிய 128 ஜீபி பென் டிரைவில் ஏற்றிவிட்டு, கமெராவின் மெமரி காட்டை ஃபோர்மட் செய்துவிட்டார். மறுநாள் முதல் ஐந்து கோப்புகள் மட்டுமே ஓடின. மற்றவற்றின் பெயரும் அளவும் சரியாக இருந்தன, ஆனால் எதுவும் திறக்கவில்லை. "கொப்பி பண்ணி முடிஞ்சிட்டு எண்டுதானே காட்டின, மாமா?" என்று அவர் கேட்டார். காட்டியது உண்மைதான், ஆனால் அந்த அறிவிப்பை நம்பியதே முதல் தவறு.

பென் டிரைவின் அளவைக் கணினி தானாக அளந்து பார்ப்பதில்லை. உள்ளே இருக்கும் கட்டுப்பாட்டுச் சிப் என்ன சொல்கிறதோ, அதையே திரையில் காட்டுகிறது. போலி தயாரிப்பவர்கள் 8 ஜீபி நினைவகத்தை வைத்துவிட்டு, 128 என்று சொல்லுமாறு அந்தச் சிப்பை மாற்றி எழுதுகிறார்கள். கோப்புகளின் பெயரும் அளவும் பதிவாகும் அட்டவணை நினைவகத்தின் தொடக்கத்திலேயே இருப்பதால் பட்டியல் குறையின்றித் தெரிகிறது. 8 ஜீபியைத் தாண்டி எழுதப்படுபவற்றைச் சில போலிகள் எங்கும் சேமிக்காமல் விட்டுவிடுகின்றன; வேறு சில மறுபடி தொடக்கத்துக்கே சென்று பழைய கோப்புகளின்மேல் எழுதுகின்றன. இரண்டிலும் பிழைச் செய்தி எதுவும் வராது. ஒரு பாட்டையோ படத்தையோ ஏற்றித் திறந்து பார்ப்பதும் சோதனை ஆகாது, ஏனெனில் அது உண்மையான 8 ஜீபிக்குள்ளேயே அடங்கிவிடும்.

அதேசமயம், 128 ஜீபி டிரைவை விண்டோஸ் ஏறத்தாழ 119 என்று காட்டினால் பதற வேண்டாம். விண்டோஸ் ஜீபியைக் கணக்கிடும் முறையே வேறு என்பதால் அந்த வித்தியாசம் வருகிறது.

உண்மை அளவை அறிய ஒரே நம்பகமான வழி, டிரைவை முழுவதும் நிரப்பி, நிரப்பியதைத் திரும்ப வாசித்து ஒப்பிடுவதுதான். விண்டோஸில் H2testw என்ற இலவச மென்பொருள் இதைச் செய்கிறது. English என்பதைத் தெரிவு செய்து, Select target மூலம் டிரைவைக் காட்டி, all available space என்பதை வைத்தபடியே Write + Verify என்பதை அழுத்த வேண்டும். லினக்ஸில் F3 இருக்கிறது:

```
f3write /media/usb
f3read /media/usb
```

/media/usb என்ற இடத்தில் உங்கள் டிரைவின் பாதையை எழுதுங்கள். இரண்டு கட்டளைகளுக்கும் இடையில் டிரைவைப் பாதுகாப்பாகக் கழற்றி மறுபடி செருகுவது நல்லது. இல்லையேல் கணினியின் நினைவில் தங்கியிருப்பதையே வாசித்து அது நல்ல முடிவு சொல்லிவிடக்கூடும்.

இங்கே பலரும் அவசரப்படுகிறார்கள். வினாடிக்கு 8 எம்பி வேகத்தில் எழுதும் டிரைவில் 128 ஜீபியை நிரப்பவே நாலரை மணி நேரம் வரை ஆகும். அதன்பின் வாசிப்பும் இருக்கிறது. ஆகவே இரவில், மின்சாரம் நின்றாலும் ஓடக்கூடிய மடிக்கணினியில் தொடங்கிவிட்டுப் படுக்கலாம். இன்னொரு பெருந்தவறு, கோப்புகள் உள்ள டிரைவையே சோதிப்பது. சோதனை வெற்றிடத்தில்தான் எழுதுகிறது என்றாலும், தொடக்கத்துக்குத் திரும்பும் வகைப் போலியாக இருந்தால் அந்த எழுத்தே உங்கள் கோப்புகளை அழித்துவிடும். வாசிக்க முடிந்தவற்றை முதலில் வேறோர் இடத்துக்கு எடுத்துவிட்டு, வெறும் டிரைவிலேயே சோதனையை நடத்துங்கள்.

எங்கள் டிரைவில் முடிவு The media is likely to be defective என வந்தது. சரியாக இருந்தது ஏழு ஜீபி சொச்சம் மட்டுமே, மீதி எல்லாம் DATA LOST. சரியான பகுதி இப்படி ஓர் எல்லையில் நின்று, அதற்கப்பால் எதுவுமே இல்லாவிட்டால் அது பெரும்பாலும் போலிதான். பிழைகள் அங்குமிங்கும் சிதறி வந்தால் யூஎஸ்பி துளையோ காட் ரீடரோ பழுதாக இருக்கலாம், ஆகையால் கடைக்காரரிடம் போவதற்கு முன் வேறொரு கணினியில் மறுபடி சோதியுங்கள். பிழையில்லாத டிரைவுக்கு Test finished without errors என்று வரும். அதன்பின் .h2w கோப்புகளை அழித்துவிட்டுப் பயன்படுத்தலாம்.

ஃபோர்மட் செய்தால் சரியாகிவிடும் என்று எண்ணுவதும் தவறு. அட்டவணைதான் புதிதாகும், நினைவகம் பெரிதாகாது. எல்லையைத் தாண்டிய கோப்புகள் அந்த டிரைவில் எழுதப்படவே இல்லை என்பதால் எந்த மீட்பு மென்பொருளாலும் அவற்றை அதிலிருந்து எடுக்க முடியாது. தேட வேண்டிய இடம் மூலக் காட்தான். கமெராவின் வழமையான ஃபோர்மட் பெரும்பாலும் அட்டவணையை மட்டுமே அழிக்கும். மருமகன் அதற்குப் பிறகு அந்தக் காட்டில் எதையும் படம் பிடிக்காததால், PhotoRec என்ற மீட்பு மென்பொருளைக் கொண்டு கணினியின் வன்தட்டுக்கு 20 கோப்புகளை முழுமையாக மீட்டோம். மற்ற இரண்டில், ஆரத்தி எடுக்கும் பகுதி பாதியோடு நின்றுவிட்டது.