நிறுவனப் பெயர்: மூன்று வகைகளும் தவிர்க்க வேண்டிய தவறுகளும்

நிறுவனங்களின் பெயர்களைப் பொதுவாக மூன்று வகையாகப் பிரிக்கலாம். செய்யும் தொழிலை நேராகச் சொல்வது விவரிக்கும் பெயர். ஒளிப்படக் கருவி நிறுவனமான ‘கோடக்’ போல அகராதியில் இல்லாத ஒலிச்சேர்க்கையைப் புதிதாக உருவாக்கிக்கொள்வது பொருளற்ற பெயர். தொழிலைச் சொல்லாமல் அதன் தன்மையையோ உணர்வையோ வேறொரு சொல்லால் நினைவூட்டுவது குறிப்பால் உணர்த்தும் பெயர். இம்மூன்றில் எது காதுக்கு இனிமையாக இருக்கிறது என்று பார்த்துத் தேர்ந்தெடுப்பதுதான் பெரும்பாலானோர் செய்யும் முதல் தவறு. விளம்பரத்துக்கு எவ்வளவு பணம் இருக்கிறது, ஐந்து ஆண்டுகளில் வேறு என்னென்ன விற்கப்போகிறோம் என்ற இரண்டு கேள்விகளுக்கு விடை கண்ட பிறகே வகையைத் தீர்மானிக்க வேண்டும்.

மரச்செக்கு எண்ணெய் விற்கத் தொடங்கும் ஒருவரை எடுத்துக்கொள்வோம். ‘தூய மரச்செக்கு எண்ணெய்’ என்று பெயர் வைத்தால் என்ன விற்கிறார் என்பதை விளக்கவே வேண்டியதில்லை. ஊரில் ஒரே கடை என்றால் அதுவே போதும். ஆனால் பல்பொருள் அங்காடியின் அலமாரியில் அவருடைய புட்டிக்குப் பக்கத்தில் நிற்கும் நான்கு புட்டிகளிலும் அதே சொற்கள் அச்சாகியிருக்கும். ஒருமுறை வாங்கி மகிழ்ந்தவர், மறுமுறை எதைக் கேட்டு வாங்குவது என்று தெரியாமல் நிற்பார். சட்டமும் கைகொடுக்காது. பொருளின் வகையையோ தரத்தையோ மட்டும் சொல்லும் பெயர், நீண்ட காலப் பயன்பாட்டால் ஒருவருக்கே உரியதாக அறியப்பட்டிருந்தால் ஒழிய, 1999ஆம் ஆண்டு வணிகக் குறிச் சட்டத்தின் 9ஆம் பிரிவின்படி பதிவு பெறாது.

எழுத்தைச் சற்று மாற்றினால் தப்பிவிடலாம் என்று நம்புவது இதன் தொடர்ச்சியான தவறு. குறைவாக எண்ணெய் உறிஞ்சும் என்பதைக் குறிக்கும் ‘லோ அப்சார்ப்’ என்ற ஆங்கிலத் தொடரைச் சுருக்கி ‘லோசார்ப்’ என்று மாரிக்கோ நிறுவனம் பதிவே செய்து வைத்திருந்தது. போட்டி நிறுவனமான அக்ரோ டெக், ‘லோ அப்சார்ப் டெக்னாலஜி’ என்று தன் எண்ணெய் உறையில் அச்சிட்டபோது, அதைத் தடுக்கும்படி மாரிக்கோ தொடுத்த வழக்கில் தில்லி உயர் நீதிமன்றம் 2010இல் தடை விதிக்க மறுத்துவிட்டது. பொருளின் தன்மையைச் சொல்லும் சொற்களை ஒருவரே முடக்கி வைத்துக்கொள்ள முடியாது என்பதே அந்தத் தீர்ப்பின் சாரம்.

விவரிக்கும் பெயரின் அடுத்த சிக்கல், தொழில் வளரும்போதுதான் வெளிப்படுகிறது. சென்னையில் 2010இல் தொடங்கிய ஃப்ரெஷ்டெஸ்க், வாடிக்கையாளர் குறைகளைக் கவனிக்கும் ‘ஹெல்ப்டெஸ்க்’ மென்பொருளை விற்றது. பின்னர் விற்பனைப் பிரிவுக்கான மென்பொருள் உள்ளிட்ட பிறவும் சேர்ந்தபோது ‘டெஸ்க்’ பொருந்தாமல் போக, நிறுவனம் 2017இல் ஃப்ரெஷ்வொர்க்ஸ் ஆனது. இங்கே கவனிக்கத் தக்கது, விவரித்த பாதிதான் கழன்றது என்பது. புத்துணர்வைக் குறிப்பாகச் சொன்ன ‘ஃப்ரெஷ்’, ஏழு ஆண்டுகளில் சேர்த்த நற்பெயரோடு அப்படியே புதிய பெயருக்குள் வந்துவிட்டது. முழுப் பெயரும் விவரணையாக இருந்திருந்தால் அவர்கள் எதையும் எடுத்துவந்திருக்க முடியாது.

அப்படியானால் பொருளற்ற பெயரே பாதுகாப்பானது என்று தாவுவதும் தவறுதான். அதைக் காப்பது எளிது, எந்தப் பொருளுக்கும் எந்த நாட்டுக்கும் அது பொருந்தும். ஆனால் அதற்குப் பொருளை ஊட்டும் செலவு முழுவதும் உரிமையாளருடையது. அட்வென்ட்நெட் நிறுவனம், ‘ஜோஹோ’ என்ற பெயரை முதலில் தன் இணையவழி மென்பொருள்களுக்குச் சூட்டிப் பல ஆண்டுகள் பழக்கிய பின்னரே, 2009இல் அதை நிறுவனத்தின் பெயராக்கிக்கொண்டது. அத்தகைய பொறுமையோ விளம்பரப் பணமோ உள்ள, பல நாடுகளில் பல பொருள்களை விற்க விரும்பும் நிறுவனத்துக்கே இவ்வகை ஏற்றது. நம் எண்ணெய்க்காரருக்கு அன்று.

அவருக்குக் குறிப்பால் உணர்த்தும் பெயரே பொருந்தும் என்பது என் கருத்து. எடுத்துக்காட்டாக, ‘முற்றம்’ என்ற சொல் வெயிலில் காயும் நிலக்கடலையையும் வீட்டுச் சமையலையும் ஒருசேர நினைவுக்குக் கொண்டுவருகிறது. நாளை அவர் இட்லிப் பொடியும் அப்பளமும் விற்றாலும் பெயர் இடறாது. அடியில் ‘மரச்செக்கு நிலக்கடலை எண்ணெய்’ என்று சிறிய எழுத்தில் அச்சிட்டால் விவரணைக்கான தேவையும் நிறைவேறிவிடும்.

இவ்வகையில் நேரும் தவறு வேறு விதமானது. அழகான பழந்தமிழ்ச் சொல்லைத் தேர்ந்து, அதை ஆங்கில எழுத்தில் எப்படித் தட்டச்சு செய்வார்கள் என்று பார்க்காமல் விட்டுவிடுகிறார்கள். ‘யாழ்’ என்ற பெயரைத் தொலைபேசியில் ஐந்து பேரிடம் சொல்லி எழுதச் சொன்னால், `yazh`, `yaazh`, `yal` என்று விதவிதமாக வரும். வாங்க வந்தவர் வேறொருவருடைய இணையதளத்தில் போய் நிற்பார். இத்தகைய இனிய சொற்களை வேறு பலரும் விரும்பியிருப்பார்கள் என்பதால், புட்டிக்கு ஒட்டுத்தாள் அச்சிடும் முன் வணிகக் குறிப் பதிவகத்தின் இலவசத் தேடலில், எண்ணெய்க்கு உரிய 29ஆம் வகுப்பிலும் மசாலாப் பொடிகளுக்கு உரிய 30ஆம் வகுப்பிலும், ஒலி ஒத்த பெயர்களையும் சேர்த்துத் தேடிப் பார்க்க வேண்டும்.