நாஜி ஆட்சி யாரோட குடியுரிமையை எப்போ பறிச்சதுன்னு கண்டுபிடிக்க

நாஜி காலத்துல ஜெர்மன் குடியுரிமை பறிக்கப்பட்ட ஒரு எழுத்தாளரோ விஞ்ஞானியோ எந்த தேதியில அதை இழந்தார்னு தெரியணும்னா, வாழ்க்கை வரலாற்றை புரட்டுறதுக்கு முன்னாடி Deutscher Reichsanzeiger அரசிதழ்ல வந்த பெயர்ப் பட்டியலைப் பாருங்க, மன்ஹைம் பல்கலைக்கழகம் அதை ஸ்கேன் பண்ணி ஆன்லைன்ல வச்சிருக்கு. 1933 ஜூலை 14 சட்டப்படி உத்தரவு அந்த இதழ்ல வெளியானாதான் அமலுக்கு வரும், அதனால உத்தரவுல இருக்கிற தேதியை எடுக்காதீங்க, இதழோட தேதியைத்தான் எடுக்கணும்.

ஜெர்மன் எழுத்தாளர் தாமஸ் மன் பேரு 1936 டிசம்பர்ல பட்டியல்ல வந்தது, ஆனா நவம்பர் 19-லேயே அவர் செக்கோஸ்லோவாக் குடியுரிமை வாங்கிட்டார். ரெண்டு தேதியையும் பக்கத்துல வச்சுப் பார்த்தாதான் அவர் நாடில்லாம நிக்கலைங்கறது தெரியும், இதை நிறைய பேர் தலைகீழா எழுதிடறாங்க. மனைவி, பிள்ளைங்க பேரும் சில நேரம் அதே பட்டியல்லயே இருக்கும், அதையும் விடாம பாருங்க.

1941 நவம்பர் 25-க்கு அப்புறம் வெளிநாட்டுல இருந்த யூதர்களோட விஷயத்துல இந்தப் பட்டியல் உதவாது. அந்த தேதியில வந்த ஆணைப்படி வெளிநாட்டுல வசிச்ச ஜெர்மன் யூதர்கள் மொத்தமா, தனித்தனியா பேர் வெளியிடாமலே குடியுரிமையை இழந்தாங்க.