தாடியும் தொளதொள டிரவுசரும் குறைத்துக்காட்டும் கொழுப்பு

முட்டை வடிவ அறைக்குள் சில நிமிடம் உட்கார்ந்து வந்தால் உடல் கொழுப்புச் சதவீதத்தைச் சொல்லிவிடும் ‘பாட் பாட்’ கருவி, கொழுப்பை நேரடியாக அளப்பதே இல்லை. உங்கள் உடல் அறைக்குள் எவ்வளவு காற்றை விலக்கியிருக்கிறது என்று பார்த்து கன அளவைக் கணக்கிடும். எடையைக் கன அளவால் வகுத்தால் அடர்த்தி. 495-ஐ அந்த அடர்த்தியால் வகுத்து 450-ஐக் கழித்தால் சதவீதம். இதற்கு ‘சிரி சூத்திரம்’ என்று பெயர்.

70 கிலோ எடையுள்ளவரின் கன அளவு 66 லிட்டர் என்றால் கொழுப்பு 16.7 சதவீதம். அதே ஆளை 65.7 லிட்டர் என்று கருவி தவறாகப் படித்தால் 14.6. ஒரு டம்ளரை விடக் கொஞ்சம் கூடுதல், அவ்வளவுதான் பிசகு. இரண்டு புள்ளி போய்விட்டது!

இந்தப் பிசகு பெரும்பாலும் உடுப்பிலும் முடியிலும்தான் வருகிறது. அறையில் உள்ள சவ்வு ஒன்று முன்னும் பின்னும் அசைந்து காற்றை லேசாக அமுக்கும். அமுங்கும் காற்று சூடாகி எதிர்த்துத் தள்ளும். ஆனால் முடிக்குள்ளும் துணி மடிப்பிலும் சிக்கிய காற்று அந்தச் சூட்டை அங்கேயே இழந்துவிடுவதால் சுமார் 40 சதவீதம் அதிகமாக அமுங்கிக் கொடுக்கும். அறையில் கூடுதல் காற்று இருப்பதாகக் கருவி நினைத்துக்கொள்ளும். உங்கள் உடல் சிறியதாகிவிடும். அதனால்தான் ஒட்டிப் பிடிக்கும் நீச்சலுடையும் நீச்சல் தொப்பியும் கேட்கிறார்கள். “கொஞ்சம் கூச்சமாக இருக்கு, டிரவுசரோடவே உட்காரட்டுமா?” என்று கேட்பவருக்கு ஒல்லியான ரிசல்ட்தான் கிடைக்கும். அது பொய்க் கணக்கு. தாடி வைத்திருந்தால் அடுத்த முறையும் அதே அளவு தாடியோடு போங்கள். நடுவில் மழித்துவிட்டு வந்தால், ஏறாத கொழுப்பு ஏறியதாகக் காட்டும்.

ஜிம்மிலிருந்து நேராக வருவதும் தவறு. வியர்த்த, சூடான உடம்பிலும் கொழுப்பு குறைவாகவே தெரியும். இரண்டு மணி நேரமாவது ஆறட்டும்.

தண்ணீரைப் பற்றித்தான் பலர் அதிகம் பயப்படுகிறார்கள். மேலே சொன்னவர் ஒரு லிட்டர் குடித்துவிட்டுப் போனால் எடை 71, கன அளவு 67, கொழுப்பு 17.1 என்று வரும். 0.4 புள்ளிதான். தவிர்ப்பது நல்லது, ஆனால் டிரவுசரைப் போல மோசமில்லை.

அப்புறம், நுரையீரல். உள்ளே மூச்சை அடக்காமல் இயல்பாக விடுங்கள். மார்புக்குள் இருக்கும் காற்றும் எளிதாக அமுங்குவதால், அதில் 40 சதவீதத்தைக் கருவி கன அளவோடு சேர்த்துத் திருத்தும். அந்தக் காற்றின் அளவைக் குழாயில் ஊதவைத்து அளக்கலாம். இல்லையென்றால் வயது, உயரத்தை வைத்து உத்தேசமாகப் போடலாம். உத்தேசம் அரை லிட்டர் தப்பினால் சுமார் 1.4 புள்ளி மாறும். போன முறை அளந்தார்களா, உத்தேசமாகப் போட்டார்களா என்று ரிப்போர்ட்டைப் பார்த்துவிட்டு, இந்த முறையும் அதையே செய்யச் சொல்லுங்கள்.