எனக்குக் குடியுரிமை வந்தது, மகளின் விசா தனியானது

அமெரிக்காவில் கிரீன் கார்டில் இருந்தபோது மனைவியை அழைத்துக்கொள்ள ஐ-130 என்ற குடும்ப உறவு மனுவைப் போட்டிருந்தேன். கிரீன் கார்டுகாரரின் மனைவி, பிள்ளைகளுக்கான எஃப்2ஏ பிரிவு என்பதால் 19 வயது மகளும் அதே மனுவில் அடங்கிவிட்டாள். மனு ஒப்புதலாகி தேசிய விசா மையத்தில் காத்திருந்தபோது எனக்குக் குடியுரிமை கிடைத்தது, சான்றிதழ் நகலை அனுப்பியதும் மனைவியின் வழக்கு குடிமகனின் மனைவிக்கான ஐஆர்1 பிரிவுக்கு மாறி, வரிசையில் நிற்கும் வேலையே இல்லாமல் போனது. ஆனால் அந்தப் பிரிவில் பிள்ளைகள் கூடவே வர முடியாது, மகளின் பெயர் வழக்கிலிருந்து விழுந்துவிட்டது.

உடனே அவளுக்கென்று தனி ஐ-130 போட்டேன், பிறப்புச் சான்றிதழும் என் குடியுரிமைச் சான்றிதழ் நகலும் வைத்து, கட்டணமும் தனியாகக் கட்டி. திருமணமாகாத பிள்ளைக்கு 21 நிறையும் முன் இந்த மனு போய்ச் சேர்ந்துவிட்டால் வயது அந்தத் தேதியிலேயே நின்றுவிடும், அப்புறம் தாமதமானாலும் பயமில்லை. இந்தத் தனி மனுவைப் போடாமல் விடுவதால்தான் பலருக்குப் பிள்ளையின் வாய்ப்பு கைநழுவுகிறது.

இதற்கிடையே வேலையும் போனது. அதனால் மனு ரத்தாகாது, வருகிறவர்களைத் தாங்குவேன் என்று ஸ்பான்சர் உறுதி தரும் ஐ-864 படிவத்தின் வருமானக் கணக்குதான் இடிக்கும். அமெரிக்காவிலேயே வசிக்கும் அண்ணன் கூட்டு ஸ்பான்சராகக் கையெழுத்திட்டார். அவர் வீட்டு ஆட்களோடு என் மனைவி, மகள் இருவரையும் சேர்த்து எண்ணி, வறுமைக் கோட்டில் 125 சதவீத வருமானம் காட்ட வேண்டும். சம்பளமே இல்லாவிட்டாலும் என் ஐ-864-உம் கூடவே போக வேண்டும்.