வெள்ளிக்கிழமை மூன்று வரி: மேனேஜருக்கு வார நிலவரம் அனுப்புவது எப்படி

தொண்டியிலிருந்து மண்டபம் வரைக்கும் கரையோரமாகக் கடல்பாசி வளர்க்கிற மகளிர் குழுக்களை ஒருங்கிணைப்பது என் வேலை. மேனேஜர் இருப்பது மதுரையில். வெள்ளிக்கிழமை மாலை எங்களைப் போன்ற ஆறேழு பேரிடமிருந்து அவருக்குச் செய்தி வரும். எல்லாவற்றையும் பேருந்தில் நின்றுகொண்டே படிப்பார். அதனால் எங்களிடம் அவர் கேட்டது மூன்றே வரி: வேலை எங்கே நிற்கிறது, எது கெடக்கூடும், அடுத்து என்ன. புதிதாகச் சேர்ந்த இரண்டு பேருக்கு இதைச் சொல்லிக்கொடுக்க வேண்டியிருந்தது, அதையே இங்கே எழுதி வைக்கிறேன். உங்கள் வேலை பாசி இல்லையென்றாலும் கணக்கு இதேதான்.

முதலில் கருவி. வாட்ஸ்அப்பில் வெறும் எழுத்தாக அனுப்புங்கள். குரல் பதிவு வேண்டாம், எக்செல் தாளைப் படம் பிடித்து அனுப்பவும் வேண்டாம். மேனேஜர் நம் வரியை அப்படியே நகல் எடுத்து அவருடைய மேலாளருக்கு அனுப்பும் அறிக்கையில் ஒட்டுவார். படத்திலிருந்தும் குரலிலிருந்தும் அப்படி எளிதாக எடுக்க முடியாது. வாரம் முழுக்கக் குறித்து வைக்க ஒரு சின்ன நோட்டு போதும். கரையில் ஈரக் கையோடு போனைத் தொடுவதைவிட அதுதான் வசதி.

எண்ணிக்கையை வியாழன் மாலையே வாங்கிவிடுங்கள். வெள்ளி மதியம் ஜும்ஆ நேரத்தில் தொண்டிப் பக்கம் பலர் போனை எடுக்க மாட்டார்கள். நாம் மூன்று மணிக்குள் அனுப்பினால்தான் மேனேஜருக்கு அன்றைக்கே ஏதாவது செய்ய நேரம் இருக்கும். ஆறு மணிக்குப் போகிற செய்திக்குத் திங்கள்கிழமைதான் பதில் வரும்.

முதல் வரி: நிலை

"வேலை நன்றாகப் போய்க்கொண்டிருக்கிறது சார்" என்பது நிலை இல்லை. மொத்தம் எவ்வளவு, இன்றைக்கு எவ்வளவு முடிந்தது, திட்டப்படி இன்றைக்கு எவ்வளவு முடிந்திருக்க வேண்டும் என்று மூன்று எண் வேண்டும். மூன்றாவதைத்தான் எல்லோரும் விட்டுவிடுகிறார்கள். '100-ல் 62' என்று மட்டும் எழுதினால் அது நல்ல செய்தியா கெட்ட செய்தியா என்று மேனேஜருக்குத் தெரியாது.

எண்ணுவதற்கு முன்னால் 'முடிந்தது' என்றால் என்ன என்று குழுவோடு பேசி வைத்துக்கொள்ளுங்கள். எங்கள் வேலையில் மூங்கிலைக் கட்டிக் கரையில் போட்டிருக்கும் மிதவை ஒன்று, கயிற்றில் விதைப்பாசி கட்டிய மிதவை ஒன்று, கடலில் இறக்கி நங்கூரம் போட்ட மிதவை ஒன்று. "எத்தனை மிதவை ஆச்சுக்கா?" என்று கேட்டால் ஒரு அக்கா மூன்றையும் சேர்த்துச் சொல்வார், இன்னொருவர் கடலில் இருப்பதை மட்டும் சொல்வார். இரண்டு பேர் சொல்வதும் சரிதான். நான் கடலில் இறங்கியதை மட்டும் கணக்கில் எடுக்கிறேன், ஏனென்றால் அறுவடைக்கான 45 நாள் அங்கிருந்துதான் ஓடத் தொடங்குகிறது.

இரண்டாம் வரி: எது கெடக்கூடும்

இங்கேதான் எல்லோரும் திணறுகிறார்கள், நானும் இதில்தான் ரொம்ப நாள் திணறினேன். கையில் இருக்கும் கவலையையெல்லாம் இந்த வரியில் கொட்டத் தோன்றும். கொட்டுவதற்கு முன்னால் ஒவ்வொன்றையும் இரண்டு கேள்வி கேட்டுப் பாருங்கள்.

இது ஏற்கெனவே நடந்துவிட்டதா? நடந்திருந்தால் அது ஆபத்து இல்லை, பிரச்சினை. அதன் விளைவு முதல் வரியின் எண்ணிலேயே தெரிய வேண்டும். மூங்கில் லாரி வராமல் எட்டு மிதவை பின்தங்கியிருந்தால் அது நிலையில் போகும்.

இது நிச்சயம் நடக்கப் போவதா? அப்படியென்றால் அதுவும் ஆபத்து இல்லை. நம் கரையில் ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை விசைப்படகுகளுக்கு மீன்பிடித் தடை, 61 நாள். நவம்பர், டிசம்பரில் வாடை அடிக்கும்போது மிதவையைக் கடலில் விட முடியாது. இவை இரண்டும் வருடா வருடம் தெரிந்தவை, திட்டத்தில் இருக்க வேண்டியவை. மார்ச் மாதம் 'மீன்பிடித் தடை வரலாம்' என்று எழுதினால் மேனேஜருக்குச் சிரிப்புத்தான் வரும்.

நடக்கலாம், நடக்காமலும் போகலாம் என்று மிஞ்சுவதுதான் இரண்டாம் வரிக்கு உரியது. அதையும் மொட்டையாக எழுதக் கூடாது. என்ன பார்த்தோம், அது முற்றினால் மேனேஜரின் எண் எவ்வளவு குறையும், என்றைக்குத் தெரியும், இந்த மூன்றும் ஒரே வரியில் வர வேண்டும்.

ஒரு வாரத்தை அப்படியே காட்டுகிறேன். மார்ச் 31-க்குள் 100 மிதவை இறக்க வேண்டும். வெள்ளி மார்ச் 20 அன்று 62 இறங்கியிருந்தது, திட்டப்படி 70 இருக்க வேண்டும். மீதி 38-க்கும் விதைப்பாசி 26-ஆம் தேதி அறுவடையாகப் போகும் 13 மிதவையிலிருந்து வர வேண்டும்.

12 அடிக்கு 12 அடி மிதவை ஒன்றுக்கு 60 கிலோ விதை கட்டுகிறோம், 45 நாளில் ஏறக்குறைய 240 கிலோ எடுக்கிறோம். அதாவது அறுவடையான ஒரு மிதவை தனக்கும் விதை கொடுத்து, இன்னும் மூன்று மிதவைக்கும் கொடுக்கும். 13 மிதவை என்றால் 39 புதிய மிதவைக்கு விதை. நமக்கு வேண்டியது 38. மயிரிழையில் போதும்.

வியாழன் மாலை ஒரு அக்கா போனில், "நாலு மிதவையில நுனி வெளுத்துப் போயிருக்கு தம்பி, வெயிலு தாங்கல" என்றார். வெயில் ஏறி நீரோட்டமும் மந்தமாகும்போது பாசிக்கு இப்படி வரும். கிளை வெளுத்து, கூழாகி, கயிற்றிலிருந்து உதிர்ந்துவிடும். வெளுத்த கிளையை ஒடித்து எறிந்தால் மீதி தப்பிக்க வாய்ப்பு உண்டு, ஆனால் உறுதி இல்லை.

இதை எப்படி எழுதுவது? 'பாசியில் நோய்' என்று எழுதினால் மேனேஜர் பயந்து எனக்குப் போன் செய்வார், நான் கரையில் சிக்னல் இல்லாமல் இருப்பேன். கணக்குப் போடுங்கள். நான்கு மிதவை முழுக்கப் போனால் மிஞ்சுவது ஒன்பது. ஒன்பதின் அறுவடை 36 மிதவைக்கு விதை. அதில் அந்த 13 மிதவைக்கும் திரும்பக் கட்ட 13 போக, புதிதுக்கு 23. வேண்டியது 38, ஆகவே 15 குறையும். 100 என்பது 85 ஆகும். வெளுத்தது நடந்துவிட்ட விஷயம், விதை குறைவது இன்னும் நடக்காதது. எழுத வேண்டியது இரண்டாவதை, முதலாவது அதற்குக் காரணமாக வந்தால் போதும்.

மூன்றாம் வரி: அடுத்து என்ன

யார், எதை, எந்த நாளைக்குள். ஒரே ஒரு வேலை, அதுவும் இரண்டாம் வரியில் சொன்ன ஆபத்தைக் குறைக்கிற வேலை. அடுத்த வாரம் செய்யப்போகும் பயிற்சி, கூட்டம், வங்கிக் கணக்கு எல்லாம் இங்கே வேண்டாம். மேனேஜரிடமிருந்து ஏதாவது வேண்டுமென்றால் அதையும் இங்கேயே கேளுங்கள், நாளோடு கேளுங்கள்.

அன்றைக்கு அனுப்பியது இது:

நிலை: 100 மிதவையில் 62 கடலில் இறங்கிவிட்டது, திட்டப்படி இன்று 70, 8 பின்தங்கல் (மூங்கில் தாமதம்).

ஆபத்து: விதைக்கு வைத்திருக்கும் 13 மிதவையில் 4-ல் நுனி வெளுப்பு, அந்த 4-ம் போனால் மார்ச் 31-க்கு 85தான் இறங்கும், செவ்வாய் 24 அன்று தெரியும்.

அடுத்து: திங்கள் 23 குழுவோடு வெளுத்த கிளைகளைக் கழிக்கிறோம், தேவைப்பட்டால் பக்கத்துக் குழுவிடம் 900 கிலோ வரை விதை வாங்க செவ்வாய்க்குள் உங்கள் ஒப்புதல் வேண்டும் சார்.

900 என்பது எங்கிருந்து வந்தது என்றால், குறையும் 15 மிதவைக்குத் தலா 60 கிலோ. 'கொஞ்சம் விதை வாங்க வேண்டியிருக்கும்' என்று எழுதியிருந்தால் "எவ்வளவு?" என்று ஒரு போன், அப்புறம் அதற்கு ஒரு பதில், அதிலேயே சனிக்கிழமை போயிருக்கும்.

படித்தவர்கள் கேட்டதால் சேர்த்தது

"இந்த வாரம் ஆபத்து எதுவுமே இல்லையென்றால்?" அந்த வரியை விட்டுவிடாதீர்கள், கற்பனையாக ஒன்றைச் சேர்க்கவும் செய்யாதீர்கள். போன வாரம் எழுதிய ஆபத்து என்ன ஆனது என்று எழுதுங்கள். அதைத்தான் மேனேஜர் தேடுவார்.

"மேனேஜர் பதிலே போடுவதில்லை, என்ன செய்ய?" உங்கள் அதிகாரத்துக்குள் இருக்கும் வேலையென்றால் 'திங்கள் மாலைக்குள் வேறு சொல்லவில்லையென்றால் இப்படிச் செய்கிறேன்' என்று மூன்றாம் வரியில் எழுதிவிடலாம். பணம் செலவாகும் விஷயத்தில் மட்டும் இந்த வேலை வேண்டாம், போன் போட்டு வாயால் வாங்கிவிடுங்கள்.

இன்னொருவர், 'வரி மூன்றுதான், ஆனால் ஒவ்வொன்றும் பத்தியாகிவிடுகிறது' என்று எழுதியிருந்தார். ஒரு வரி போன் திரையில் நான்கு வரிக்கு மேல் மடிந்தால் அதில் காரணக் கதை புகுந்திருக்கும். அதை வெட்டுங்கள். மேனேஜருக்கு வேண்டுமென்றால் அவரே கேட்பார்.

அந்த நான்கு மிதவை என்ன ஆனது என்றும் சிலர் கேட்டிருந்தீர்கள். இரண்டு தப்பித்தது, இரண்டு போனது. 11 மிதவையில் 44-க்கு விதை, திரும்பக் கட்ட 13 போக 31, ஆக ஏழு மிதவைக்கு மட்டும் குறை. அடுத்த வெள்ளி அனுப்பியது:

நிலை: 100-ல் 84 கடலில்; திட்டப்படி இன்று 90; சொந்த விதையில் 9 நாளை இறங்குகிறது.

ஆபத்து: வெளுப்பில் 2 மிதவை போனது, வாங்கும் 420 கிலோ விதை திங்கள் 30 வருகிறது, வண்டி தாமதித்தால் வெயிலில் விதை கெட்டு 7 மிதவை ஏப்ரலுக்குத் தள்ளும், திங்கள் மதியம் தெரியும்.

அடுத்து: திங்கள் காலை 6 மணிக்கு ஈரச் சாக்கோடு நானே வண்டியில் போய் ஏற்றி வருகிறேன்.