வாய்ப்பேச்சு வேறு, ஒப்பந்தம் வேறு: வாடிக்கையாளருக்கு எழுதிய மெயில்

இணையதள வேலை முடியும் நேரத்தில், "ஆறு மாசம் இலவசப் பராமரிப்புன்னு போன்ல சொன்னீங்களே" என்றார் வாடிக்கையாளர். அப்படிப் பேசியது உண்மைதான். ஆனால் அது ஒப்பந்தத்தில் கையெழுத்துப் போடுவதற்கு முன். மறுத்து எழுதினால் சண்டைதான் வரும். அதனால் இப்படி எழுதினேன்:

"பராமரிப்பு பற்றி நாம் பேசியது நினைவிருக்கிறது. பிறகு கையெழுத்தான ஒப்பந்தத்தின் வேலைப் பட்டியலில் அது சேரவில்லை. முந்தைய பேச்சுகளுக்குப் பதிலாக இந்த ஒப்பந்தமே செல்லும் என்று பிரிவு 9 சொல்கிறது. பராமரிப்பு தேவையென்றால் தனிக் கட்டண மதிப்பீடு இணைத்துள்ளேன். எழுத்தில் ஒப்புதல் வந்ததும் தொடங்குகிறேன்."

கையெழுத்திட்ட பிரதியையும் இணைத்து, கையெழுத்துப் போட்டவருக்கே அனுப்பினேன். மதிப்பீட்டுக்கு ஒப்புதல் வந்தது.

பதில் வரும்வரை 'சின்ன வேலைதானே' என்று எதையும் செய்துகொடுக்கக் கூடாது, ஒப்புக்கொண்டதாகவே எடுத்துக்கொள்வார்கள். பிரிவு 9 போன்ற வரி இல்லாவிட்டாலோ, வாக்கு கையெழுத்துக்குப் பின் கொடுக்கப்பட்டிருந்தாலோ இந்த மெயில் அவ்வளவாக நிற்காது. வக்கீலிடம் காட்டிவிட்டு அனுப்புங்கள்.